நைட் ஷிஃப்ட் அலவன்ஸும் கேப் விதிகளும்: சேலம் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த விதிகள் வரும் 21ஆம் தேதி தொடங்கும் சம்பளச் சுற்றிலிருந்து நடைமுறைக்கு வருகின்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து எச்.ஆர். பிரிவுக்கும் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்குக்கும் வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே வைத்திருக்கிறோம்.

நைட் அலவன்ஸ் எவ்வளவு, எந்த ஷிஃப்ட்டுக்குக் கிடைக்கும்?

ஷிஃப்ட்டின் பெயரைப் பார்த்து அலவன்ஸ் தருவதில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்தில் நீங்கள் எத்தனை மணி நேரம் லாகினில் இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. 4 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஷிஃப்ட்டுக்கு 200 ரூபாய். 2 மணி நேரம் முதல் 4 மணி நேரத்துக்குள் என்றால் 100 ரூபாய். 2 மணி நேரத்துக்கும் குறைவு என்றால் அலவன்ஸ் இல்லை. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, நேர மாற்றம் பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

சாப்பாட்டு நேரத்தையும் டீ ப்ரேக்கையும் இதிலிருந்து கழிப்பதில்லை. 6.30 மணி ஷிஃப்ட்டுக்கு 6.50க்கு லாகின் செய்தாலும் அலவன்ஸ் குறையாது, ஏனென்றால் கணக்கு 10 மணிக்குத்தான் தொடங்குகிறது. தாமதத்துக்கு உங்கள் டீம் லீடர் என்ன சொல்வார் என்பது தனி விஷயம்.

நள்ளிரவைத் தாண்டும் ஷிஃப்ட் எப்போதும் தொடங்கிய தேதியில்தான் சேரும். 20ஆம் தேதி மாலை தொடங்கி 21 அதிகாலை முடியும் ஷிஃப்ட் 20ஆம் தேதிக் கணக்கில், அதாவது முடிகிற சுற்றில் வரும். "கடைசி நாள் அலவன்ஸ் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தக் குழப்பம்தான்.

ஷிஃப்ட் முழுக்க ஃப்ளோர்லதான் இருந்தேன். ஆனா ரெண்டு நாளுக்குப் பாதி அலவன்ஸ்தான் வந்திருக்கு. ஏன்?

பெரும்பாலும் காரணம் சிஸ்டம் டவுன். பேரோல் பிரிவு பார்ப்பது டயலர் லாகின் பதிவை மட்டுமே. வாசலில் கை வைக்கும் பயோமெட்ரிக் பதிவை அல்ல. லைன் அறுந்தாலோ, கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலோ டயலர் உங்களை வெளியே தள்ளிவிடும். நீங்கள் நாற்காலியில்தான் இருப்பீர்கள், பதிவில் மட்டும் இருக்க மாட்டீர்கள்.

ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். மாலை 6.30க்கு லாகின். 12.10க்கு இணைப்பு போகிறது. 2.05க்கு மறுபடி லாகின், 3.30க்கு லாகவுட். பதிவின்படி 10 மணியிலிருந்து 12.10 வரை 2 மணி 10 நிமிடம், 2.05லிருந்து 3.30 வரை 1 மணி 25 நிமிடம். இரண்டும் சேர்ந்து 3 மணி 35 நிமிடம்தான் வருகிறது. நான்கு மணி நேரம் நிரம்பவில்லை என்பதால் 100 ரூபாய் மட்டும் ஏறும். இடையில் போன 1 மணி 55 நிமிடத்தை டீம் லீடர் "சிஸ்டம் டவுன்" என்று ஷிஃப்ட் அறிக்கையில் ஏற்றியிருந்தால் மொத்தம் 5 மணி 30 நிமிடமாகி, முழு 200 ரூபாயும் வந்திருக்கும்.

ஆகவே இணைப்பு போனதும் முதல் வேலை ஐ.டி. டெஸ்க்கில் டிக்கெட் போடுவது. அந்த டிக்கெட் எண்ணை டீம் லீடருக்கு அனுப்பி, அன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள் அறிக்கையில் ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் ஏற்ற முடியாது என்பதில்லை. ஆனால் மறுநாள் ஏற்றினால் மேனேஜர் ஒப்புதல் வேண்டும், அங்கேதான் பல விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கின்றன. டிக்கெட் எண் இல்லாத கோரிக்கைகளை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தவர் சாட்சி சொன்னாலும் அதே பதில்தான்.

வேலை இல்லாமல் கிளையன்ட் தரப்பில் லைன் மூடி, "கிளம்பலாம்" என்று நிர்வாகமே அனுப்பினால் ரோஸ்டர் நேரம் முழுவதும் வேலை செய்ததாகவே எடுத்துக்கொள்வோம்.

சுற்று 20ஆம் தேதி முடிகிறது. 22ஆம் தேதி உங்கள் ஷிஃப்ட் வாரியான பட்டியல் மின்னஞ்சலில் வரும். 25ஆம் தேதி வரை திருத்தம் சொல்லலாம். அதற்குப் பிறகு சொன்னால் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் சேரும்.

உடம்பு முடியாம பாதியில கிளம்பினா அந்த ராத்திரி அலவன்ஸ் போயிடுமா?

அதே மணிக் கணக்குதான். 1.15க்குக் கிளம்பினால் 10 மணியிலிருந்து 3 மணி 15 நிமிடம் ஆகிறது, பாதி கிடைக்கும். 11.30க்கே கிளம்பினால் கிடைக்காது. இந்தக் கணக்குக்காக யாரும் காய்ச்சலோடு 2 மணி வரை உட்கார வேண்டாம். பாதியில் கிளம்புபவர்களுக்கும் கேப் உண்டு, டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் சொன்னால் போதும். விடுப்பு நாளுக்கும் பகல்நேரப் பயிற்சிக்கும் அலவன்ஸ் கிடையாது.

நவம்பர்ல டைம் மாறும்போது அலவன்ஸும் கேப் டைமும் மாறுமா?

மாறும். அதிகக் குழப்பம் வரும் வாரங்களே அவைதான். நம் நாட்டில் கடிகாரம் மாறுவதில்லை, கிளையன்ட் நாடுகளில் மாறுகிறது. அதுவும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு ஞாயிறு.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரப்படி காலை 9 முதல் மாலை 6 வரை போகும் ஷிஃப்ட், அவர்களுடைய கோடை நேரத்தில் நமக்கு மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை. குளிர்கால நேரத்தில் இரவு 7.30 முதல் 4.30 வரை. அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறும் மாறும் நாட்கள். 2026இல் நவம்பர் 1 ஞாயிறு. அவர்களுக்கு விடியற்காலை 2 மணிக்கு நடக்கும் மாற்றம் நமக்கு ஞாயிறு காலை 11.30. அதனால் சனி இரவு தொடங்கிய ஷிஃப்ட் பழைய நேரத்திலேயே முடியும்; ஞாயிறு மாலை ஷிஃப்ட் முதல் புது நேரம். இரண்டு நேரத்திலும் 4 மணி நேரத்துக்கு மேல் வருவதால் அலவன்ஸ் முழுதாகவே இருக்கும், கேப் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளும்.

இங்கிலாந்து ஷிஃப்ட் கோடையில் பகல் 1.30 முதல் இரவு 10.30, குளிர்காலத்தில் 2.30 முதல் 11.30. 10 மணிக்கு மேல் விழுவது முறையே அரை மணி நேரமும் ஒன்றரை மணி நேரமும் என்பதால் இவர்களுக்கு இரண்டு பருவத்திலும் நைட் அலவன்ஸ் இல்லை. ஆனால் டிராப் கேப் உண்டு. அலவன்ஸும் கேப்பும் வேறு வேறு விதிகள். ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை என்று நினைத்து ஆட்டோ தேட வேண்டாம். அங்கே நேரம் மாறுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. எனவே அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இங்கிலாந்து டீமின் கேப் தள்ளிப்போயிருக்கும், அமெரிக்க டீமின் கேப் பழைய நேரத்திலேயே ஓடும். ஒரே தெருவில் இருந்து இரண்டு டீமுக்கும் வருபவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் நேரத்தை நம்பாமல் தங்கள் மெசேஜைப் பார்க்கவும்.

ஆஸ்திரேலிய டீமின் நிலைதான் சிக்கலானது. சிட்னியில் காலை 9 மணி என்பது அவர்களுடைய குளிர்காலத்தில் நமக்கு அதிகாலை 4.30, கோடையில் 3.30. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 3.30 லாகின் என்பதால் 6 மணிக்குள் இரண்டரை மணி நேரம் வந்து பாதி அலவன்ஸ் கிடைக்கும். மீதி மாதங்களில் ஒன்றரை மணி நேரம்தான் வரும். மணிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் 4.30 லாகினுக்கு 3 மணிக்கே எழுந்து கிளம்புகிறவருக்கு அது நியாயமாக இல்லை. ஆகவே அதிகாலை 5 மணிக்கு முன் லாகின் செய்யும் எந்த ஷிஃப்ட்டுக்கும் குறைந்தது 100 ரூபாய் உண்டு. மேலே சொன்ன விலக்கு இதுதான்.

ஓ.டி. பார்த்தா அலவன்ஸும் டபுளா வருமா?

வராது. ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒரு அலவன்ஸ்தான். ஓ.டி. தனிக் கணக்கு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை, அதற்கு மேல் செய்தால் இரட்டைச் சம்பளம். உங்கள் 9 மணி நேர ஷிஃப்ட்டில் ஒரு மணி நேரம் இடைவேளை என்பதால் வேலை நேரம் எட்டுதான்.

மாதம் 18,000 ரூபாய் வாங்குபவர் 3.30க்குப் பதில் 5 மணி வரை இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஓ.டி. 18,000ஐ 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணிக்கு ஏறக்குறைய 86.54 ரூபாய். இரண்டு மடங்கு 173.08. ஒன்றரை மணி நேரத்துக்கு 259.62 ரூபாய். அதோடு அன்றைய 200 ரூபாய் அலவன்ஸ். "அலவன்ஸ் கொடுத்தாச்சே, ஓ.டி. எதுக்கு" என்று எந்த டீம் லீடரும் சொல்லக்கூடாது, சொன்னால் எச்.ஆருக்கு எழுதுங்கள்.

200 ரூபா சொன்னீங்க, கையில அவ்வளவு வரலையே?

நைட் அலவன்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதி. வருமான வரி கட்டுபவர்களுக்கு அதற்கும் வரி உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அலவன்ஸையும் சேர்த்து 0.75 சதவீதம் பிடிப்போம். 18,000 சம்பளத்தோடு ஒரு மாதம் 17 முழு அலவன்ஸும் 2 பாதி அலவன்ஸும் வந்தால் 3,600 கூடி 21,600 ஆகும். பிடித்தம் 162 ரூபாய்.

21,000 ரூபாய்தானே இ.எஸ்.ஐ. வரம்பு, தாண்டினால் அட்டை போய்விடுமா என்று பலரும் பயப்படுகிறார்கள். நடுவில் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் வரை பிடித்தமும் சிகிச்சை உரிமையும் தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

கேப்புக்கு எதுவும் பிடிப்பதில்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நிறுவன வண்டியில் வந்து போவதற்கு வரியும் இல்லை.

கேப் யாருக்கெல்லாம் உண்டு?

லாகின் அல்லது லாகவுட் இரவு 8 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் விழும் எல்லாருக்கும், ஆண் பெண் இருவருக்கும், அந்தப் பயணத்துக்கு உண்டு. ஐந்து ரோடு அலுவலகத்திலிருந்து சாலை வழி 25 கிலோமீட்டர் வரை வீட்டு வாசலுக்கே வரும். ஓமலூரும் அயோத்தியாப்பட்டணமும் எல்லைக்குள் அடங்கும். ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி அடங்காது. ஏற்காட்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு, கீழே சொல்லியிருக்கிறோம். எல்லைக்கு வெளியே இருக்கும் ஆண்களைப் புதிய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவோம். பெண்களை நடு இரவில் பஸ் ஸ்டாண்டில் இறக்க மாட்டோம். அவர்கள் எல்லைக்குள் ஒரு ஹாஸ்டல் முகவரியோ உறவினர் முகவரியோ பதிவு செய்தால்தான் நைட் ரோஸ்டரில் பெயர் போடுவோம்.

பெண்கள் இரவு 8 முதல் காலை 6 வரை வேலை செய்ய எழுத்துப்பூர்வமான சம்மதம் தர வேண்டும். இது நாங்கள் வைத்த விதி அல்ல. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் 24 மணி நேரமும் இயங்க 2019இல் தமிழக அரசு அனுமதி கொடுத்தபோது, இந்தச் சம்மதத்தையும் போக்குவரத்து வசதியையும் நிபந்தனையாகவே வைத்தது. சம்மதக் கடிதம் தராததற்காக யாரையும் வேலையிலிருந்து எடுக்க முடியாது. பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றுவோம்.

கேன்சல் பண்றது ஒருத்தர். அதுக்கு ஏன் வண்டியில இருக்கிற எல்லாருக்கும் அரை மணி நேரம் லேட் ஆகுது?

இரவு டிராப்பில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இருந்தால் வண்டியில் எஸ்கார்ட் காவலர் இருந்தே ஆக வேண்டும். அதிகாலைப் பிக்கப்பில் முதலில் ஏறுபவர் பெண்ணாக இருந்தாலும் இதேதான். ரூட் போடும்போதே இதைப் பார்த்துத்தான் போடுகிறோம்.

அதிகாலை 3.30 டிராப். வண்டியில் மூன்று பேர்: அழகாபுரத்தில் இறங்கும் ஒரு பெண், அஸ்தம்பட்டியில் இறங்கும் இன்னொரு பெண், கன்னங்குறிச்சி போகும் ஓர் ஆண். கடைசியில் இறங்குபவர் ஆண் என்பதால் காவலர் தேவையில்லை, வண்டி 3.45க்குக் கிளம்பிவிடும். 3.20க்கு அந்த ஆண், "நண்பன் பைக்கில் போய்க்கொள்கிறேன்" என்று கேன்சல் செய்கிறார். இப்போது அஸ்தம்பட்டிப் பெண் கடைசி ஆளாகிவிட்டார். காவலர்கள் எல்லாரும் வேறு வண்டிகளில் ஏறியாகிவிட்டது. பக்கத்து ரூட்டுக்குப் போன ஒருவர் திரும்பி வந்தால்தான் இந்த வண்டி நகரும். 4.20 ஆகிவிடுகிறது.

அதனால்தான் கேன்சல் செய்ய லாகவுட்டுக்கு 3 மணி நேரம் முன்பு என்று கெடு வைத்திருக்கிறோம். அதற்குள் சொன்னால் ரூட்டை மாற்றிப் போட முடியும். கெடு தாண்டிச் சொன்னாலும், சொல்லாமலே விட்டாலும் நோ ஷோ. ஒரு மாதத்தில் மூன்று நோ ஷோ வந்தால் ஆண்களுக்கு ஒரு வாரம் கேப் நிறுத்தப்படும். பெண்களுக்கு எக்காரணம் கொண்டும் கேப்பை நிறுத்த மாட்டோம், மேனேஜரிடம் விளக்கம் தர வேண்டியிருக்கும். இது பாரபட்சம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம், நிபந்தனை அப்படித்தான் இருக்கிறது.

டிரைவரிடம் நேரில் சொல்லும் கேன்சல் செல்லாது. ஆப்பில் செய்யுங்கள், அல்லது டெஸ்க்குக்கு போன் செய்யுங்கள். ஏறியதும் ஓடிபி சொல்லவும் மறக்க வேண்டாம்: ஓடிபி போடாவிட்டால் நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் பதிவில் நோ ஷோதான்.

கேப் லேட்டா வந்து லாகின் தள்ளிப்போனா?

ட்ரிப் ஷீட்டில் வண்டி வந்த நேரம் இருக்கும். தாமதம் எங்கள் பக்கம் என்றால் லேட் மார்க் போடமாட்டோம், அலவன்ஸுக்கும் ரோஸ்டர் நேரத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டி உங்களுக்காக 5 நிமிடம்தான் நிற்கும். 15 நிமிடமாகியும் வண்டி வரவில்லை என்றால் டெஸ்க்கை அழையுங்கள். ஆண்கள், டெஸ்க் சொன்ன பிறகு ஆட்டோவில் வந்து பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள், மாற்று வண்டி வரும்.

எங்க தெருவுக்குள்ள வண்டியே திரும்பாது. மெயின் ரோட்டுலயே இறக்கி விட்டுட்டுப் போறாங்க.

செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை பக்கத்துப் பழைய தெருக்களில் இது உண்மையான சிக்கல். வண்டி நுழையாத தெரு என்றால் வெளிச்சமுள்ள அருகிலுள்ள முனையை உங்களோடு பேசி முடிவு செய்து ஆப்பில் பதிவோம். பெண்கள் என்றால் அந்த வண்டியில் எப்போதும் காவலர் இருப்பார், வீட்டு வாசல் வரை நடந்து வந்து, கதவு திறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். டிரைவர் தானாகவே முனையில் இறக்கிவிட்டால் இறங்காமல் டெஸ்க்குக்கு போன் செய்யுங்கள்.

வீடு மாறினால் மூன்று வேலை நாள் முன்பே சொல்லுங்கள். கதவு எண்ணோடு மேப்பில் இடக்குறியும் வேண்டும்.

ராத்திரி என் வீட்டுக்காரரே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார். விடுவீங்களா?

விடுவோம். அவர் பெயரையும் போன் எண்ணையும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். வாசலில் அடையாள அட்டை காட்டிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பதிவு செய்யாத யாரோடும், சக ஊழியராகவே இருந்தாலும், இரவு 8 மணிக்கு மேல் பெண் ஊழியரை செக்யூரிட்டி அனுப்ப மாட்டார்.

நான் ஏற்காட்டிலிருந்து வர்றேன். அதிகாலை 3.30க்கு மேல வண்டி மலை ஏறுமா?

ஏறாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் பனிமூட்டத்தில் அடுத்த வளைவே தெரியாது. இரவு முழுக்க ஓட்டிய டிரைவரை அந்த நேரத்தில் அந்தப் பாதையில் அனுப்புவதை நாங்கள் ஏற்கவில்லை. மலை வண்டி காலை 6 மணிக்குத்தான் அலுவலகத்திலிருந்து புறப்படும்.

அதுவரை ஓய்வறையில் படுத்துக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனி அறை, உள்தாழ்ப்பாளோடு. காத்திருக்கும் நேரம் வேலை நேரமாகாது, அதனால் ஓ.டி. கிடையாது. அதற்கு ஈடாக, காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் மலைப்படி உண்டு. மேலே இருந்து வரும் மாலைப் பிக்கப் வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரத்தைத் தொட்டுவிடும்படி முன்கூட்டியே வரும். நவம்பரில் ஷிஃப்ட் 7.30க்குத் தள்ளிப்போனாலும் இந்தப் பிக்கப் தள்ளிப்போகாது. டிசம்பர் மாலை 6 மணிக்கே அங்கே இருட்டிவிடும்.

மண்சரிவுதான் பெரிய சிக்கல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. பிரதான பாதையை மூடினால், குப்பனூர் பாதை திறந்திருந்து போலீஸ் அனுமதித்தால் அந்த வழியாக அனுப்புவோம், கூடுதல் நேரமாகும். இரண்டும் மூடியிருந்தால், கீழே இருப்பவர்களுக்கு அன்று தங்கும் அறை எங்கள் செலவு. மேலே மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த நாள் சம்பளம் பிடிக்க மாட்டோம், ஆனால் அன்றைக்கு நைட் அலவன்ஸ் கிடையாது. அரசு பஸ் ஓடுகிறதா இல்லையா என்பதை வைத்தே பாதை மூடப்பட்டதா என்று முடிவு செய்வோம். பஸ் ஓடியிருந்தால் அன்று வராதது விடுப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

கேப் ஆக்சிடென்ட் ஆனா யார் பொறுப்பு?

முதலில் 108, பிறகு டெஸ்க். இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், பணியிடக் காயமாகவே கருதப்படும். அந்தத் தொடர்பைக் காட்டும் ஆவணம் ட்ரிப் ஷீட்தான். நடுவழியில் சொந்த வேலைக்காக வண்டியை வேறு பக்கம் திருப்பச் சொல்லியிருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். டிரைவர்களிடம் "அந்த மெடிக்கல் ஷாப் பக்கம் நிறுத்துங்கண்ணே" என்று கேட்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அவசரத் தேவை என்றால் டெஸ்க்குக்குச் சொல்லுங்கள், ட்ரிப் ஷீட்டிலேயே அந்த நிறுத்தத்தைச் சேர்த்துவிடுவார்கள்.